பேராச்சி மண்ணில் உப்பு

பாகீரதி விவசாயம் படிக்கப் போனதே ஒரு கூத்து. மாட்டுங்காவில் மூன்றாம் மாடி வீட்டில் பிறந்து, ரேஷன் கியூ, பால் கியூ, ரயில் பாஸ் என்று வளர்ந்தவள் அவள். மண்ணை அவள் அதிகம் பார்த்தது துளசித் தொட்டியில்தான். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்டாள், மார்க்கு போதவில்லை. ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அப்பா யாரோ சொன்னதைக் கேட்டுப் புனாப் பக்கம் ஒரு விவசாயக் கல்லூரிக்கு அப்ளிகேஷன் போட்டு வைத்தார். அது கிடைத்துத் தொலைத்தது. "உங்காத்துப் பொண்ணு ஏர் உழப் போறாளாமே!" என்று பில்டிங்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பாகீரதியும் கொஞ்ச நாள் அழுதாள். பிறகு போய்ப் படிக்க ஆரம்பித்தாள், படிப்பு பிடித்தும்விட்டது. இப்படித்தான் சில பேருக்கு வாழ்க்கை அமைகிறது, கேட்டுக்கொண்டா வருகிறது?

அறுபத்தேழாம் வருஷம், கடைசி வகுப்பு. மூன்று மாதம் வயலில் நின்று பயிற்சி செய்ய வேண்டும் என்பது சட்டம். பம்பாயிலே வயல் ஏது என்று கேட்காதீர்கள். செம்பூரைத் தாண்டி டிராம்பே போகிற வழியில், உப்பளத்துக்கு இந்தப் பக்கம், அப்போது கீரையும் முள்ளங்கியுமாகப் பச்சைப் பசேலென்று கிடந்தது. ஊரெல்லாம் உணவுப் பஞ்சம் என்று அலறிய காலம் அது. காலியாகக் கிடந்த சர்க்கார் நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டி, காய்கறி போடுகிறவர்களுக்கு வருஷக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தகரக் கொட்டகை ஆபீஸ். அதில் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, திலக் நகரிலிருந்து சைக்கிளில் வருகிற சங்கரன் என்ற அதிகாரி. பாகீரதியை அங்கே போட்டார்கள்.

வேலை இதுதான். ஒவ்வொரு துண்டிலும் மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வாரா வாரம் போய்ப் பயிர் எப்படி நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஜூன் மாதம் குத்தகையைப் புதுப்பிக்கும்போது, எந்த மண் காய்கறிக்கு லாயக்கு, எது இல்லை என்று அதை வைத்துத்தான் முடிவு. மண் உதவாது என்று வந்துவிட்டால் அந்தத் துண்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

கல்லூரியில் சொல்லிச் சொல்லி உருவேற்றியிருந்தார்கள். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. வயலிலேயே நின்று எழுது, வீட்டுக்குப் போய் யோசித்து எழுதாதே. தப்பாகிவிட்டால் ரப்பர் போட்டு அழிக்காதே, ஒரே கோடு கிழித்துப் பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடு. பாகீரதிக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பாடம் தெரிந்தவர்கள் தப்புப் பண்ண மாட்டார்கள் என்று யார் சொன்னது?

மார்ச் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை பேராச்சியின் துண்டுக்குப் போனாள். பேராச்சி திருநெல்வேலிக்குத் தெற்கேயிருந்து வந்தவள். புருஷன் வெயிலுமுத்து தாராவியில் தோல் ஷாப்பில் வேலை. அவள் விடிவதற்குள் பஸ் பிடித்துச் செம்பூருக்கு வந்து, கிணற்றில் இறைத்துப் பாத்திக்கு விட்டு, பாலக் கீரையும் முள்ளங்கியும் கட்டுக் கட்டாகக் கட்டி மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாள். வாய் ஓயாத மனுஷி.

"வாங்கம்மா, மண்ணு டாக்டரு! எம் மண்ணுக்கு என்ன சீக்குனு பாத்துச் சொல்லுங்க."

பாகீரதி ஒழுங்காகத்தான் செய்தாள். வரப்பையும் எருக்குழியையும் விட்டு விலகி, வளைந்து வளைந்து நடந்து, பல இடத்தில் ஆறங்குல ஆழத்துக்கு ஆங்கில 'வி' மாதிரி குழி வெட்டி, ஓரத்திலிருந்து மேலும் கீழும் ஒரே கனமாக மண்ணைச் சீவி வாளியில் போட்டாள். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நாலு பங்காக்கி எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, மறுபடி கலந்து, கடைசியில் ஒரு படி அளவை மட்டும் துணிப்பையில் எடுத்தாள். பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டிலும் பென்சிலால் விவரம். மையால் எழுதினால் ஈரத்தில் ஊறிப்போகும். இவ்வளவும் சரி. ஆனால் பேராச்சி முந்தின நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தாள். மண் சொதசொதவென்று இருந்தது. மற்ற துண்டுகளின் மண்ணெல்லாம் கொட்டகைக்குள் காகிதம் விரித்து உலர்த்தியாகிவிட்டது. இதற்கு இடமில்லை, கொட்டகையையும் பூட்டப் போகிறார்கள். ஈரத்தோடு பையில் கட்டிவைத்தால் மண் புழுங்கிக் கெட்டுவிடும். சரி, வீட்டு மொட்டை மாடியில் நிழலில் உலர்த்திக்கொள்ளலாம் என்று தூக்கிக்கொண்டு ரயிலேறினாள்.

வீட்டில் அம்மா நாகலக்ஷ்மி மாடிப்படியில் எதிரே வந்தாள். "ஏண்டி, அது என்னது மூட்டை? மண்ணா? ஆத்துக்குள்ளே கொண்டு வராதே!"

"மாடியிலே உலர்த்தணும்மா. சுத்தமா ஒரு துணி வேணும்."

"மாடியிலேயே பழைய வேஷ்டி மடிச்சு வச்சிருக்கேன் பார், டாங்குக்குப் பக்கத்துலே. நன்னா வெள்ளையா இருக்கும், எடுத்துக்கோ. மிளகாய் பக்கம் மட்டும் போயிடாதே!"

பாகீரதி தண்ணீர்த் தொட்டி நிழலில் வேஷ்டியை விரித்தாள். வெள்ளை வெளேரென்று, கஞ்சி போட்ட மாதிரி மொடமொடவென்று இருந்தது. மண்ணைப் பரப்பினாள், கட்டிகளைக் கையால் உதிர்த்தாள், இரண்டு நாள் காயவைத்தாள். திங்கட்கிழமை அள்ளிப் பையில் போட்டு லாபரட்டரிக்கு அனுப்பிவிட்டாள். அத்தோடு மறந்தும் போனாள்.

ஏப்ரல் நடுவில் முடிவு வந்தது. சங்கரன் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார்.

"பாகீரதி, இது பார். உப்பு நாலரைக்கு மேலே போயிருக்கு. ஒண்ணுக்குள்ளே இருந்தா நல்ல மண், நாலைத் தாண்டினா பயிருக்கு ஆகாது. பக்கத்துத் துண்டெல்லாம் முக்காலுக்குள்ளே. இது மட்டும் இப்படி!"

"சார், பயிர் நன்னாத்தானே நிக்கறது?"

"பாலக் உப்பைத் தாங்கும்மா, அது உனக்கே தெரியும். உப்பளம் பக்கத்துலே இருக்கு, கிரீக்கோட கடல் தண்ணி அடியிலே ஏறியிருக்கும். போய்ச் சரியாப் பார்த்து எழுது."

பாகீரதி போனாள். குனிந்து பாலக் இலையைப் பார்த்தாள். எதிலாவது ஓரம் கருகியிருக்கிறதா என்று தேடினாள். தேடினால் கிடைக்காமலா போகும்? ஏப்ரல் வெயிலில் நாலைந்து இலை ஓரம் காய்ந்துதான் இருந்தது. 'இலை ஓரங்களில் கருகல் காணப்படுகிறது. உப்பின் அறிகுறி' என்று எழுதிவிட்டாள். அந்த இலைகள் போன வாரமும் அப்படித்தான் இருந்தன, பக்கத்துத் துண்டிலும் அப்படித்தான் இருந்தன. அதை அவள் பார்க்கவில்லை. அதாவது, பார்த்தாள், கண்ணில் ஏறவில்லை. படித்த பெண்ணுக்கு வந்த புத்தி!

பேராச்சி மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு, "என்னம்மா, எம் மண்ணுக்கு என்ன எழுதுதிய?" என்று கேட்டாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டாள். "உப்பு ஏறிப் போயிருக்காம் பேராச்சியக்கா. பரிசோதனையிலே வந்திருக்கு."

பேராச்சியின் வாய் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஓய்ந்தது. குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துப் பார்த்தாள். "நெசமாவாம்மா? நான் ரெண்டு வருசமா இதுலதான கெடக்கேன்" என்றாள்.

அதற்கடுத்த வாரம்தான் பாகீரதிக்குக் குழப்பம் பிடித்தது. பேராச்சி முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், பால் வெள்ளை, இலை கரும்பச்சை. பாகீரதி மலைத்துப்போய் நின்றாள். பாலக் உப்பைத் தாங்கும், சரி. முள்ளங்கி தாங்காதே! நாலரை உப்பில் முள்ளங்கி முளைத்தாலே ஆச்சரியம், இப்படிக் கொழுத்து நிற்கிறதே. பரிசோதனை பொய்யா, பாடம் பொய்யா, என் கண் பொய்யா? தலையைப் பிய்த்துக்கொண்டாள். போன வாரம் எழுதியதைப் புரட்டினாள். கருகல் என்று எழுதியிருந்தது, அவள் கையெழுத்துத்தான். இந்த வாரம் முள்ளங்கி நன்று என்று எழுத வேண்டும். ஒரே பாத்தியில் இரண்டும் எப்படி?

சரி, பார்ப்போம் என்று மறுபடி மண் எடுத்தாள். இந்தத் தடவை கொட்டகையிலேயே காகிதத்தில் உலர்த்தினாள். மே மாதத் தொடக்கத்தில் முடிவு வந்தது. உப்பு அரைக்குச் சற்று மேலே. அருமையான மண்!

பாகீரதிக்குச் சந்தோஷம் வரவில்லை, இன்னும் குழம்பினாள். சங்கரனோ அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஒரே துண்டு, ஒரே கை, ஒரு மாசத்துலே ரெண்டு முடிவு. நடுவிலே மழையும் இல்லே. எனக்கென்ன தோணறதுன்னா, ரெண்டாவது தடவை நீ எருப்போட்ட நல்ல மூலையிலே எடுத்திருக்கே. அந்தப் பொம்மனாட்டி மேலே இரக்கம். சரிதானே?"

"இல்லே சார், சத்தியமா இல்லே!"

"அப்போ முதல் தடவை ஏன் அப்படி வந்தது? சொல்லு."

அவளுக்கே தெரியாததை என்னவென்று சொல்வாள்?

"முதல் முடிவு மேலே பெரிய ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. காரணம் தெரியாம அதை என்னாலே மாத்த முடியாது. காரணத்தைக் கொண்டு வா, பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார் சங்கரன்.

வீட்டிலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாதத்தைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். பையை மாற்றிவிட்டேனா? சீட்டு மாறிப்போச்சா? லாபரட்டரியில் யாராவது குளறுபடி பண்ணிவிட்டார்களா? ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா துணி துவைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"உன்னோட மண்ணு வேஷ்டியை இன்னிக்குத்தான் எடுத்தேன். எத்தனை தண்ணி அலசறதுடி! மண்ணு ஒரு பக்கம், உப்பு ஒரு பக்கம். மூணு வருஷமா மோர்மிளகாய் காயப்போட்ட வேஷ்டி, உப்பு பொரிஞ்சு பாளம் பாளமா ஒட்டிண்டு கிடந்தது. அதிலே போய் உன் சேறு. கை ஓஞ்சு போச்சு!"

பாகீரதி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

மோர்மிளகாய்! உப்பு மோரில் ஊறின மிளகாயை வருஷா வருஷம் காயப்போடுகிற வேஷ்டி. வெள்ளையாக இருந்ததே, துவைத்த வெள்ளையா அது? உப்பு வெள்ளை! ஈர மண்ணைக் கொண்டுபோய் அதன் மேல் பரப்பி, ஈரம் காயக் காய உப்பை உறிஞ்சவிட்டு, உதிர்ந்ததையும் சேர்த்து அள்ளிப் பையில் போட்டு, பேராச்சியின் மண் என்று சீட்டும் ஒட்டி அனுப்பியிருக்கிறாள். "அம்மா, அந்த வேஷ்டி எங்கே?" என்று கத்திக்கொண்டு ஓடினாள். கொடியில் பளிச்சென்று தொங்கியது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஒரு துளி உப்பு மிச்சமில்லை, காட்டுவதற்கு.

"என்னடி ஆச்சு? பேய் அறைஞ்சாப்பலே நிக்கறே?" என்றாள் நாகலக்ஷ்மி.

மறுநாள் சங்கரன் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேஷ்டி துவைத்தாகிவிட்டது என்பதையும் சொன்னாள். இலை ஓரம் கருகியது என்று எழுதியதுகூட முடிவு தெரிந்த பிறகு தேடிப் பிடித்து எழுதினதுதான் என்றும் சொன்னாள். அந்தக் கடைசி விஷயத்தை யாரும் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

"மோர்மிளகாய் வேஷ்டியா? முப்பது வருஷ சர்வீஸ்லே இதை நான் கேட்டதே இல்லே" என்றார் சங்கரன். "பகவானே! எங்காத்துலேயும் ஒண்ணு இருக்கு." சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்கே விளங்கவில்லை போலும். "எழுதிக் கொடு. எது தப்பு, எப்படித் தப்புன்னு அப்படியே எழுது. அதைப் பார்த்தா உன் பயிற்சியைக் காலேஜ்லே ஒத்துக்க மாட்டா, தெரியுமோல்லியோ? அடுத்த வருஷம் திரும்பவும் வரணும்."

"தெரியும் சார்."

பழைய வரிகளின் மேல் ஒரே ஒரு கோடு கிழித்தாள். அடியில் இருக்கிற எழுத்து தெரிகிற மாதிரிதான். பக்கத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்றாவது தடவை சங்கரனே வந்து முன்னால் நின்று மண் எடுக்க வைத்தார். அந்த முடிவும் நல்லபடியாக வந்தது. மே மாதக் கடைசி. குத்தகைத் தாளில் பேராச்சி கைநாட்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு வருஷம் போனது போனதுதான், அவள் மண்ணாவது தப்பித்ததே என்று பாகீரதி தாளையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

போய்ப் பார்த்தால் பாத்தி வெறிச்சென்று கிடக்கிறது! பாலக் இல்லை, முள்ளங்கி இல்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பேராச்சி மண்வெட்டியையும் வாளியையும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? உங்க மண்ணு நல்ல மண்ணு! தப்பு என்னோடது!" பாகீரதி மூச்சு வாங்க வேஷ்டிக் கதையை முழுக்கச் சொன்னாள்.

பேராச்சி கேட்டுக்கொண்டாள். தலையைத் தலையை ஆட்டினாள். ஆனால் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை.

"எனக்கு மனசு கஷ்டப்படுமேனு சொல்லுதிய. நல்ல பிள்ள. ஆனா வேண்டாம்மா. எங்க வீட்டுக்காரவுக தோல் ஷாப்புல எனக்கும் வேல சொல்லி வச்சிருக்காவ. உப்பு மண்ணுனு தெரிஞ்ச பெறவு இதுல வெதைய போட்டுட்டு எப்பிடித் தூங்குவேன்? மழைக்குப் பெறவு மொத்தமும் பட்டுப்போச்சுன்னா?"

"உப்பு இல்லேக்கா!"

"நீங்க சொன்ன பெறவு தெனம் நாக்குல வச்சுப் பாத்தேன். உப்பாத்தாம்மா இருக்கு. மொதல்ல தெரியல, அப்புறம் நல்லாவே தெரியுது. இந்தாங்க, நீங்களே பாருங்க."

ஒரு சிட்டிகையை எடுத்து நீட்டினாள். பாகீரதி வாங்கி நாக்கில் வைத்தாள். மூன்று தாளும் கைப்பையில் இருக்கிறது, காரணமும் தெரியும், எல்லாம் தெரியும். இருந்தும் நாக்கில் லேசாக உப்புக் கரித்தது! வேர்வையா, அழுததா, பயமா? அவளால் சொல்ல முடியவில்லை. தன் கண்ணைத்தான் அந்த நாலரை என்கிற நம்பர் கெடுத்தது என்று நினைத்திருந்தாள். இந்த மனுஷியின் நாக்கையும் கெடுத்துவிட்டதே, பாவி!

"எனக்கும் அப்படித்தான் இருக்குக்கா" என்றாள். "என் நாக்கையும் நம்பாதீங்க, உங்க நாக்கையும் நம்பாதீங்க. முள்ளங்கி விதை இருக்கா?"

"ஒரு கைப்பிடி இருக்கு. எதுக்கு?"

"உப்பு இருந்தா அது முளைக்காது. ஒரு பாத்தி போடுவோம். வரலேன்னா நானே தாளைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

பேராச்சி யோசித்தாள். கட்டின கயிற்றை அவிழ்த்தாள். இரண்டு பேருமாக வரிசை போட்டு விதைத்துத் தண்ணீர் விட்டார்கள். அடுத்தடுத்த நாள் காலையில் ஒருத்தி தாராவியிலிருந்தும் ஒருத்தி மாட்டுங்காவிலிருந்தும் வந்து வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்துக்கொண்டால் எல்லாம் நாசம்.

ஐந்தாம் நாள் மண்ணைப் பிளந்துகொண்டு ஜோடி ஜோடியாக இலை எட்டிப் பார்த்தது. பாகீரதிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. பலகையில் தாளை வைத்துக் குந்தி உட்கார்ந்து, வரிசை வரிசையாகப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். எல்லா வரிசையும் வந்திருந்தது, கிணற்றோரத்து வரிசை மட்டும் வரவில்லை. ஒரு முளைகூட இல்லை. பேராச்சியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாகீரதிக்குத் தெரியும், இதை விட்டுவிட்டு எழுதினால் காரியம் முடிந்தது. எறும்பு தின்றது என்று எழுதினாலும் யார் கேட்கப் போகிறார்கள்? விரலால் அந்த வரிசையைக் கிளறிப் பார்த்தாள். எறும்பும் இல்லை, விதையும் இல்லை. பென்சிலை ஊன்றி எழுதினாள்.

"அதுக்கு என்ன எழுதினிய?" என்றாள் பேராச்சி.

"கிணத்தோர வரிசை முளைக்கலே. காரணம் தெரியலே."

"தெரியலேன்னே எழுதிட்டியளா?"

"ஆமாக்கா. எனக்குத் தெரியலே."

பேராச்சி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையால் பெருவிரலைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் மத்ததெல்லாம் நெசந்தான். அந்த மைப்பெட்டிய எடுங்க" என்றாள்.